பழைய வண்டி விற்றால் தென்னாப்பிரிக்காவில் வாட் எவ்வளவு? மார்ஜின் முறை இங்கே எந்த வழியாக வருகிறது

"அண்ணா, திருச்சியில் பழைய வண்டி வாங்கி விற்றுக்கொண்டிருந்தேன். அங்கே வாங்கின விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும்தான் ஜிஎஸ்டி. இப்போது டர்பனில் ஒரு பழைய வண்டிக் கடையில் பங்கு சேர்ந்திருக்கிறேன், வாட் பதிவு உண்டு. இங்கே கணக்குப் பார்ப்பவர் முழு விலைக்கும் 15 சதவீதம் போட்டு பில் அடிக்கிறார். லாபத்தை வரியே தின்றுவிடாதா? மார்ஜின் முறை இந்த நாட்டில் கிடையாதா?"

கணக்குப் பார்ப்பவர் செய்வது சரிதான் தம்பி, அவரோடு சண்டை போடாதீர்கள். ஆனால் அவர் செய்வதில் பாதியைத்தான் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். மறுபாதியை அவர் செய்கிறாரா என்று இன்றைக்கே கேளுங்கள், ஏனென்றால் அந்த மறுபாதியை விட்டுவிட்டால் நீங்கள் பயப்படுகிறபடி லாபம் போய்விடும்.

ஊரில் ஜிஎஸ்டி விதி 32(5) என்ன சொல்கிறது என்பது உங்களுக்கே தெரியும். வித்தியாசம்தான் விற்பனை மதிப்பு, வரி அதன் மேலே மட்டும். இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவிலும் பிரெஞ்சுச் சட்டப்படி இதே கதைதான், மார்ஜின் முறையில் விற்றால் பில்லில் வரியைத் தனியாகக் காட்டவே கூடாது. தென்னாப்பிரிக்கா அந்த வழியில் போகவில்லை. 1991ல் பழைய விற்பனை வரியைத் தூக்கிவிட்டு வாட் கொண்டுவந்தபோதே, விற்கும்போது முழு விலைக்கும் வரி, ஆனால் வாங்கும்போது கட்டாத வரியைக் கட்டியது போலக் கழித்துக்கொள், என்று வைத்துவிட்டார்கள். இதற்கு நோஷனல் இன்புட் என்று பெயர். அதாவது நமக்கு விற்றவர் வாட் போடவில்லை, போட அவருக்கு உரிமையும் இல்லை, ஆனாலும் நாம் கொடுத்த விலைக்குள் வாட் அடங்கியிருப்பதாக எண்ணிக்கொண்டு அந்தப் பங்கை இன்புட்டாக எடுக்கலாம்.

இது சர்க்கார் போடும் பிச்சை என்று நினைக்க வேண்டாம். அந்த வண்டியைப் புதிதாக வாங்கினவர் ஷோரூமிலேயே வாட் கட்டிவிட்டார், அவர் சாதாரண ஆள், அதைத் திரும்ப எடுக்க வழியில்லை. அந்த வரி வண்டியின் விலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் விற்கும்போது மறுபடி முழு விலைக்கும் வரி என்றால் ஒரே வண்டிக்கு இரண்டு தடவை வரி. அதைத் தவிர்க்கத்தான் ஒரு நாட்டில் மார்ஜின், இன்னொரு நாட்டில் நோஷனல் இன்புட்.

ஒரு வண்டியை வைத்தே பார்ப்போம். சாட்ஸ்வொர்த்தில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் ஒற்றைக் கேபின் பக்கி வாங்குகிறீர்கள். (நம்மூரில் பக்கி என்றால் வசவு. இங்கே பின்னால் சரக்குத் தொட்டி வைத்த வண்டி. வந்த புதிதில் ஒருவர் என்னிடம் "உன் பக்கி எங்கே" என்று கேட்டபோது நான் முறைத்தது தனிக் கதை.) விலை 92,000 ராண்ட். அவருக்கு வாட் பதிவு இல்லை, முழுத் தொகையையும் வங்கி வழியாக அனுப்பிவிடுகிறீர்கள். இந்த 92,000ஐ 15ஆல் பெருக்கி 115ஆல் வகுத்தால் 12,000. அதுதான் நோஷனல் இன்புட். நேரே 15 சதவீதம் போட்டு 13,800 என்று எழுதிவிடாதீர்கள், விலைக்குள் அடங்கிய வரியைத்தான் பிரித்து எடுக்கிறோம், மேலே சேர்க்கவில்லை. புதிதாக வருகிற பாதிப் பேர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

அப்புறம் டயரும் கிளட்சும் மாற்ற 5,750 ராண்ட் ஆகிறது. வாட் பதிவுள்ள பட்டறை, டாக்ஸ் இன்வாய்ஸ் கொடுத்துவிட்டார்கள், அதற்குள் வரி 750. இது சாதாரண இன்புட். கடைசியில் வண்டியை 126,500க்கு விற்கிறீர்கள், எல்லாம் சேர்ந்த விலை. அதற்குள் இருக்கும் வாட் 16,500. உங்கள் கணக்காளர் பில்லில் காட்டுவது இதைத்தான், இதைப் பார்த்துத்தான் உங்களுக்கு வயிறு கலங்கியிருக்கிறது. ஆனால் 16,500லிருந்து 12,000ம் 750ம் கழித்தால் கையிலிருந்து போவது 3,750 மட்டும்.

இப்போது ஊர் வழியில் போட்டுப் பாருங்கள். 126,500லிருந்து 92,000 போனால் வித்தியாசம் 34,500. அதற்குள் அடங்கிய 15 சதவீத வரி 4,500. பட்டறை வரி 750ஐக் கழித்தால் 3,750. ஒரு ராண்ட் கூட மாறவில்லை. பெயர் வேறு, பாதை வேறு, போய்ச் சேரும் இடம் ஒன்று.

அப்படியானால் எந்த வழியாக இருந்தால் என்ன என்று கேட்பீர்கள். மூன்று இடத்தில் நிஜமாகவே வித்தியாசம் இருக்கிறது, அதில் இரண்டு உங்களுக்குச் சாதகம்.

முதலாவது நஷ்டம். ஊரில் வித்தியாசம் மைனஸ் ஆனால் அதை விட்டுவிட வேண்டும், வரி பூஜ்யம், அவ்வளவுதான். இங்கே அப்படி இல்லை. 23,000க்கு வாங்கின வண்டியின் எஞ்சின் கோளாறு பிறகுதான் தெரியவந்து 11,500க்குத் தள்ளிவிட்டீர்கள் என்றால், வாங்கும்போது எடுத்த இன்புட் 3,000, விற்கும்போது கட்டுவது 1,500. மீதி 1,500 உங்களிடமே தங்கிவிடும், நஷ்டத்தில் ஒரு பங்கை வரித்துறை சுமக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் பழக்க தோஷத்தில் நஷ்ட வண்டிகளைக் கணக்கிலேயே காட்டாமல் விடுவதைப் பார்த்திருக்கிறேன். கொடுக்க வேண்டியதை மறைப்பவர்கள் உண்டு, வர வேண்டியதை மறைப்பவர்கள் இவர்கள்தான்.

இரண்டாவது வாங்குகிறவர். உங்களிடம் அந்த ஒற்றைக் கேபின் பக்கியை வாங்குவது வாட் பதிவுள்ள ஒரு குழாய் வேலைக்காரர் என்றால், உங்கள் டாக்ஸ் இன்வாய்ஸில் 16,500 என்று தெளிவாக இருப்பதால் அவர் அதை முழுவதும் இன்புட்டாக எடுத்துக்கொள்வார். மார்ஜின் முறை நாடுகளில் வாங்குகிற வியாபாரிக்கு இது கிடைக்காது. தவிர, ஊரில் பில்லில் உள்ள வரியை வைத்து நம் லாபத்தை வாடிக்கையாளர் விரலில் எண்ணிவிடுவார், இங்கே அந்தக் கவலை இல்லை. ஆனால் ஒன்று, வாங்குவது கார் என்றாலோ இரட்டைக் கேபின் பக்கி என்றாலோ, சட்டத்தின் கண்ணில் அது மோட்டார் கார், வாங்குகிறவர் வாட் பதிவுள்ளவராக இருந்தாலும் பொதுவாக இன்புட் எடுக்க முடியாது. வண்டி வியாபாரமே தொழிலாக உள்ள உங்களுக்கு அந்தத் தடை இல்லை.

மூன்றாவது நேரம். மார்ஜின் முறையில் விற்கிற வரைக்கும் வரிப் பேச்சே கிடையாது. இங்கே வாங்கிப் பணம் கொடுத்த வரிக் காலத்திலேயே 12,000ஐ VAT201 என்ற வாட் கணக்குப் படிவத்தில் 15ஆம் கட்டத்தில் போட்டு எடுத்துவிடலாம், வண்டி விற்க நாலு மாதம் ஆனாலும் சரி. முதலைப் புரட்டுவதற்கு இது பெரிய உதவி. ஆனால் இதுவே ஆளைக் கவிழ்க்கவும் செய்யும். வரிசையாகப் பத்து வண்டி வாங்கின காலத்தில் கணிசமான பணம் திரும்பி வரும், அதை லாபம் என்று நினைத்து வீட்டுக்கு எடுத்துப் போனால், வண்டிகள் விற்கிற காலத்தில் முழு 16,500 கணக்கில் கட்ட வேண்டியிருக்கும்போது கையில் காசு இருக்காது. தாமதமானால் கட்ட வேண்டிய வரியில் 10 சதவீதம் அபராதம், மேலே வட்டி.

பணம் கொடுத்த காலத்தில் என்று சொன்னேன், அதைக் கவனியுங்கள். நோஷனல் இன்புட் எவ்வளவு பணம் கொடுத்தீர்களோ அந்த அளவுக்குத்தான். 92,000ல் பாதியை இப்போது கொடுத்து, மீதியை மூன்று மாதம் கழித்துத் தருகிறேன் என்று பேசியிருந்தால், இப்போது 6,000, மீதி 6,000 பணம் போன பிறகு. கையில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு ரசீது இல்லை என்றால், கொடுத்ததை நிரூபிக்க முடியாது, இன்புட்டும் இல்லை.

சரி, யாரிடம் வாங்கினால் இது செல்லும்? வண்டி ஏற்கெனவே ஒருவருக்குச் சொந்தமாக இருந்து உபயோகப்பட்டதாக இருக்க வேண்டும், அது இந்த நாட்டுக்குள் இருக்க வேண்டும், விற்பவர் இந்த நாட்டில் குடியிருப்பவராக இருக்க வேண்டும், அந்த விற்பனைக்கு வாட் கிடையாது என்று இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையில்தான் சிக்கல் வரும். விற்பவர் வாட் பதிவுள்ள கம்பெனி, தன் டெலிவரி பக்கியை விற்கிறது என்றால், அவர்கள் வாட் போட்டு டாக்ஸ் இன்வாய்ஸ் தர வேண்டும். அது இல்லாமல் நீங்களே 15/115 எடுக்க முடியாது. "பில்லெல்லாம் வேண்டாம், ரேட்டைக் குறைத்துத் தருகிறேன்" என்று அவர்கள் சொன்னால் குறைகிறது அவர்கள் பணம் இல்லை, உங்கள் இன்புட். சந்தேகமாக இருந்தால் வரித்துறை இணையதளத்தில் வாட் பதிவைத் தேடிப் பார்க்கலாம், எண் 4ல் தொடங்கி பத்து இலக்கம் இருக்கும்.

ஆனால் அதே கம்பெனி தன் மேலாளர் ஓட்டிய செடான் காரை விற்றால் கதை தலைகீழ். அந்தக் காரை வாங்கும்போது அவர்களுக்கு இன்புட் மறுக்கப்பட்டது, அதனால் விற்கும்போது அவர்கள் வாட் போட வேண்டியதில்லை. ஆக உங்களுக்கு அது வாட் இல்லாத வாங்கல், நோஷனல் இன்புட் உண்டு. பழகின கணக்காளர்களே "கம்பெனியிடம் வாங்கியது, இன்வாய்ஸ் இல்லை, ஒன்றும் கிடையாது" என்று இதை விட்டுவிடுவார்கள்.

இப்போது காகிதம். இங்கேதான் நான் கை சுட்டுக்கொண்டேன். வந்த இரண்டாம் வருஷம் ஒரு பழைய ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் கடையில் கணக்கு எழுதினேன். முதலாளி நல்ல மனுஷர், வீடு வீடாகப் போய்ச் சாமான் எடுப்பார், விலையையும் விற்றவர் பெயரையும் ஒரு நோட்டில் எழுதுவார், அவ்வளவுதான். நான் அந்த நோட்டைப் பார்த்து இன்புட் எடுத்துக்கொண்டே போனேன். ஒரு வரிக் காலத்தில் பணம் திரும்ப வரும்படி கணக்கு வந்தது, உடனே சரிபார்க்க ஆவணம் கேட்டார்கள். நோட்டைக் கொடுத்தோம். அடையாள எண் இல்லை, முகவரி இல்லை, கொடுத்ததற்கு அத்தாட்சி இல்லை. ஒரு ஃபிரிட்ஜ் விடாமல் எல்லா இன்புட்டையும் தள்ளிவிட்டார்கள். சாமான் நிஜம், பணம் கொடுத்தது நிஜம், ஆனால் பேப்பர் இல்லை. விற்பனைக்கு முழு வரி கட்டினோம், கழிக்க ஒன்றும் இல்லை. நீங்கள் கேட்டீர்களே, வரி லாபத்தைத் தின்றுவிடாதா என்று, அந்தக் காலம் அப்படித்தான் தின்றது.

அதற்கென்றே VAT264 என்று ஒரு படிவம் இருக்கிறது. விற்பவர் பெயர், முகவரி, அடையாள எண், வாங்கின தேதி, சாமானின் விவரம், எண்ணிக்கை, கொடுத்த விலை, எப்போது எப்படிக் கொடுத்தீர்கள் என்பதெல்லாம் அதில் வரும். விற்பவர் கையெழுத்துப் போட வேண்டும். வண்டி என்றால் விவரத்தில் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் எழுதுங்கள், "வெள்ளை பக்கி, ஒன்று" என்று எழுதாதீர்கள். அடையாள அட்டையை உங்கள் கண்ணால் பார்த்து, நகல் எடுத்து, படிவத்தோடு பின் அடித்துவிடுங்கள். இதைப் பணம் கைமாறும் அந்த நிமிஷத்தில் செய்யாவிட்டால் பிறகு நடக்காது. சாமானை விற்றுக் காசு வாங்கினவர் உங்கள் போனை எடுக்க மாட்டார். படிவத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை, கேட்கும்போது காட்ட வைத்திருக்க வேண்டும், ஐந்து வருஷம். பழைய பொருள் வியாபாரிகளுக்கான 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் பதிவும் விற்பவர் விவரம் எழுதும் ரெஜிஸ்டரும் உங்கள் கடையில் இருக்க வேண்டும், அதற்கு எழுதும் விவரத்தில் முக்கால்வாசி இதற்கும் உதவும், ஆனால் அது இதற்குப் பதில் ஆகாது.

வண்டிக் கடையில் கட்டாயம் வரப்போகும் ஒரு கண்ணியைச் சொல்லிவிடுகிறேன், பழைய வண்டியைக் கொடுத்து வேறு வண்டி எடுக்கும் வாடிக்கையாளர். உங்களிடம் நிற்கும் வண்டி 200,000. அவர் கொண்டுவரும் வண்டியின் சந்தை விலை 57,500. அவரை மயக்க, "உங்க வண்டிக்கு 80,500 தர்றேன்" என்கிறீர்கள், உங்கள் வண்டி விலையில் ஒன்றும் குறைப்பதில்லை. அவர் சந்தோஷமாகப் போய்விடுவார். ஆனால் நோஷனல் இன்புட் கொடுத்த விலை, சந்தை விலை இரண்டில் எது குறைவோ அதற்குத்தான். 80,500க்கு 10,500 எடுக்க முடியாது, 57,500க்கு உரிய 7,500தான். அந்தப் பக்கம் 200,000க்கு முழு வாட் கட்ட வேண்டும். 3,000 ராண்ட் சும்மா போயிற்று. அதற்குப் பதிலாக அவர் வண்டிக்கு நியாயமாக 57,500 போட்டு, உங்கள் வண்டியை 23,000 குறைத்து 177,000க்குக் கொடுத்தால், வாடிக்கையாளர் கையிலிருந்து போகும் பணம் இரண்டிலும் 119,500தான், ஆனால் நீங்கள் விற்பனைக்குக் கட்டும் வாட் 3,000 குறையும். வாடிக்கையாளருக்கு "என் வண்டிக்கு எவ்வளவு தந்தான்" என்ற பெருமை முக்கியம் என்பதால் பேசிப் புரியவைக்கக் கொஞ்சம் சிரமம். அண்ணன் தம்பிக்குள் விலையை ஏற்றி எழுதி இன்புட் கூட்டும் யோசனை வந்தாலும் இதே விதிதான் தடுக்கும்.

தங்கம் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் நம் ஆட்கள் யாராவது உங்களிடம் கேட்பார்கள் என்பதால் ஒரு வரி: பழைய நகையை வாங்கி உருக்குவதற்கு இந்த நோஷனல் இன்புட் கிடையாது. முன்பு அதை வைத்து நிறையப் பேர் விளையாடியதால் அடைத்துவிட்டார்கள்.

கடைசியாக எல்லை தாண்டி விற்பது, டர்பனில் இருந்தால் மொசாம்பிக்கிலிருந்து ஆள் வராமல் இருக்க மாட்டார். ஏற்றுமதிக்கு வாட் பூஜ்யம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், பழைய சாமானில் அது அப்படியே செல்லாது. நோஷனல் இன்புட் எடுத்த வண்டியை வெளிநாட்டுக்கு விற்றால், நீங்கள் வாங்கின விலைக்கே விற்றது போல எண்ணி வாட் கட்ட வேண்டும். நம் உதாரணத்தில் 126,500க்கு மபுடோவுக்கு அனுப்பினாலும் கட்ட வேண்டியது 12,000, அதாவது முன்பு எடுத்ததைத் திருப்பி வைக்கிறீர்கள், 34,500 வித்தியாசத்துக்கு வரி இல்லை. விலை பேசும்போது இந்த 12,000ஐ மறந்துவிட்டு "வரி இல்லையே" என்று குறைத்துக் கொடுத்துவிடாதீர்கள். வண்டி நிஜமாகவே எல்லை தாண்டியதற்கான சுங்கக் காகிதம் கையில் இல்லையென்றால் அது உள்ளூர் விற்பனைதான், முழு 16,500.